பரிந்துரை ஊக்கத்தொகை: அறிவிப்பில் எந்தத் தேதியை எழுதுவது?

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் 60 பேர் வேலை பார்க்கிறார்கள். தெரிந்தவர்களை வேலைக்குப் பரிந்துரைக்கும் ஊழியர்களுக்குப் பணம் தருவதென்று முடிவு செய்திருக்கிறோம். "பரிந்துரைக்கப்பட்டவர் பணி நிரந்தரம் ஆனதும் 30,000 வரை ஊக்கத்தொகை வழங்கப்படும்" என்று அறிவிப்பு எழுதியிருக்கிறேன். இது போதுமா?

பதில்: போதாது. இந்த ஒரே வரியில் பின்னாளில் தகராறுக்கு இடம் தரக்கூடிய இரண்டு சொற்கள் இருக்கின்றன.

முதலாவது "வரை". 30,000 வரை என்றால் 5,000 கொடுத்தாலும் வாக்குத் தவறியதாகாது. ஆனால் படிக்கிறவர் மனத்தில் 30,000 என்றே பதியும். பதவிக்கு ஏற்பத் தொகை மாறுமென்றால் எந்தப் பதவிக்கு எவ்வளவு என்று எழுதிவிடுங்கள். மாறாதென்றால் "வரை" என்பதை எடுத்துவிடுங்கள்.

அதைவிடச் சிக்கலானது "பணி நிரந்தரம் ஆனதும்" என்பது. நிரந்தரமாக்குவது ஒரு மேலாளரின் கையெழுத்தைப் பொறுத்தது. அவர் மதிப்பீட்டைத் தள்ளிப்போட்டாலோ, தகுதிகாண் காலத்தை மேலும் மூன்று மாதம் நீட்டித்தாலோ, அதில் எந்தப் பங்கும் இல்லாத பரிந்துரைத்தவருக்குப் பணம் தள்ளிப்போகும். ஏன் தாமதம் என்று அவர் கேட்டால், மற்றொரு ஊழியரின் மதிப்பீட்டை அவரிடம் விளக்க வேண்டிய சங்கடமும் வந்து சேரும். ஆகவே யாருடைய முடிவையும் சாராத, நாட்காட்டியில் எண்ணிப் பார்க்கக்கூடிய நாளை நிபந்தனையாக வைப்பதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "தொகை 30,000, வரிப் பிடித்தத்துக்கு முன். பாதி, புதியவர் சேர்ந்த மாதத்துக்கு அடுத்த மாதச் சம்பளத்துடன் வழங்கப்படும். மீதி, அவர் 90 நாட்களை நிறைவுசெய்யும் மாதத்துக்கு அடுத்த மாதச் சம்பளத்துடன் வழங்கப்படும். சேர்ந்த நாள் முதல் நாளாகக் கணக்கிடப்படும்."

ஒருவர் மார்ச் 11 அன்று சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் 15,000 ஏப்ரல் சம்பளத்துடன் வந்துவிடும். 90-ஆம் நாள் ஜூன் 8. ஆகவே மீதி 15,000 ஜூலைச் சம்பளத்துடன் வரும். பரிந்துரைத்தவர் இதை யாரிடமும் கேட்காமல் தாமே கணக்கிட்டுக்கொள்ள முடியும். அவருக்கு 20 சதவீத வரி பிடிக்கப்படுமானால், ஒவ்வொரு முறையும் கைக்கு வருவது 12,000. பெரும்பாலான நாடுகளில் இத்தொகை சம்பள வருமானமாகவே கருதப்படுவதால், ரொக்கமாகவோ பரிசாகவோ தராமல் சம்பளச் சீட்டில் தனி இனமாகக் காட்டுங்கள். "வரிப் பிடித்தத்துக்கு முன்" என்ற சொற்கள் விடுபட்டால், 15,000 எதிர்பார்த்தவர் 12,000-ஐக் கண்டு ஏமாற்றப்பட்டதாக நினைப்பார்.

அந்த 90 நாட்களுக்குள் புதியவர் தாமாக விலகினால் இரண்டாம் பாதி கிடையாது. கொடுத்த முதல் பாதியைத் திரும்பக் கேட்க வேண்டாம். நிறுவனமே ஆட்குறைப்புச் செய்து அவரை அனுப்பினால் இரண்டாம் பாதியையும் கொடுத்துவிடுவது முறை, ஏனெனில் பரிந்துரையில் குறை ஏதும் இல்லை. பரிந்துரைத்தவர் இடையில் வேலையை விட்டுப் போனால் என்ன என்பதையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். பணம் தரும் நாளில் அவர் பணியில் இருக்க வேண்டும் என்று வைப்பது வழக்கம், ஆனால் நோட்டீஸ் காலத்தில் இருப்பவரும் பணியில் இருப்பவரே என்று தெளிவுபடுத்துங்கள்.

தகுதியைப் பொறுத்தவரை, மனிதவளப் பிரிவினர், அந்தப் பதவிக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் மேலாளர், நேர்காணல் குழுவில் இருப்பவர்கள் ஆகியோரை விலக்கிவிட்டு மற்ற அனைவரையும் சேர்த்துக்கொள்ளலாம். தேர்ந்தெடுப்பவரே பணமும் பெறுவதாக இருந்தால் தேர்வின் நேர்மை கேள்விக்கு உள்ளாகும். ஒரே ஆளை இருவர் பரிந்துரைத்தால், படிவத்தை முதலில் சமர்ப்பித்தவருக்கே தொகை; அந்த ஆள் தாமாகவே முன்னர் விண்ணப்பித்திருந்தால் பரிந்துரை செல்லாது. படிவத்தில் தேதியும் நேரமும் தாமாகவே பதிவாகும்படி அமைத்தால் போதும். வாய்மொழியாக "நான் தான் முதலில் சொன்னேன்" என்பதற்கு இடமிருக்காது.

திட்டத்தை மாற்றும் உரிமையை வைத்துக்கொள்ளுங்கள். அதே வாக்கியத்தில், மாற்றத்துக்கு முன் பதிவான பரிந்துரைகளுக்குப் பழைய தொகையே பொருந்தும் என்றும் எழுதுங்கள்.

நிதிப் பக்கம் ஒன்று மட்டும் செய்ய வேண்டும். பரிந்துரையால் ஒருவர் சேரும் நாளிலேயே முழு 30,000-ஐயும், அதன்மேல் நிறுவனம் செலுத்த வேண்டிய பங்களிப்பு ஏதேனும் இருந்தால் அதையும் ஒதுக்கி வைத்துவிடுங்கள். ஒரே மாதத்தில் நால்வர் சேர்ந்தால், 90 நாள் கழித்து நால்வருக்கான இரண்டாம் பாதியும், ஆக 60,000, கிட்டத்தட்ட ஒரே சம்பள நாளில் வந்து நிற்கும்.