தலைக்கு 108 ரூபாய் எங்கே போனது?

*கேள்வி: அப்பா, அம்மா, நான், என் மனைவி பாம்பனில் இருக்கிறோம். தம்பி சென்னையில் வேலை பார்க்கிறான், தங்கை மதுரையில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். ஆறு பேரும் நெட்ஃபிளிக்ஸில் ஆளுக்கு 149 ரூபாய் மொபைல் திட்டம் போட்டிருக்கிறோம். 649 ரூபாய் பிரீமியம் ஒன்றை எடுத்து ஆறாகப் பிரித்தால் தலைக்கு 108தான் என்கிறான் தம்பி. மாறலாமா? அப்பாவும் நானும் விசைப்படகுக்குப் போகிறவர்கள்.*

பதில்: உங்கள் தம்பி வகுத்தது சரி, ஆறால் வகுத்ததுதான் தப்பு. 2023 ஜூலையிலிருந்து இந்தியாவில் ஒரு நெட்ஃபிளிக்ஸ் கணக்கு ஒரு வீட்டுக்குத்தான். சென்னையில் இருப்பவரும் மதுரையில் இருப்பவரும் பாம்பன் வீட்டுக் கணக்கில் சேர மாட்டார்கள். சில நாள் ஓடலாம், பிறகு அவர்கள் திரையில் 'இந்தக் கருவி உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல' என்று வந்து நிற்கலாம். மிச்சம் நான்கு பேர். 649ஐ நாலாக வகுத்தால் 162 ரூபாய், இப்போது கொடுக்கும் 149ஐ விட அதிகம். வெளியூரில் இருக்கும் இருவரும் தனியாக 149 கட்டினால் குடும்பச் செலவு 947. இப்போதோ 894தான்!

ஆள் கணக்கை விட்டுவிட்டு, இரவு ஒன்பது மணிக்கு உங்கள் வீட்டில் ஒரே நேரத்தில் எத்தனை திரை ஓடுகிறது என்று எண்ணுங்கள். நீங்கள் இருவரும் கடலில் இருக்கும் இரவுகளில் அம்மாவும் உங்கள் மனைவியும் டிவி முன்னால் ஒன்றாக உட்காருகிறார்கள் என்றால், ஒரே திரை போதும். 199 ரூபாய் பேசிக் திட்டம் அதற்கே. மொபைல் திட்டம் டிவியில் ஓடாது, இது ஓடும். படகில் பார்க்கப் படங்களை இறக்கி வைப்பதானால் ஒரே ஒரு கருவியில்தான் முடியும். அது அப்பாவின் போனா உங்கள் போனா என்பதை நீங்களே பேசி முடித்துக்கொள்ளுங்கள்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். எல்லோரும் வீட்டில். டிவியில் ஒன்று, போனில் ஒன்று என்று ஓடும்; 'கணக்கை அதிகம் பேர் பயன்படுத்துகிறார்கள்' என்ற அறிவிப்பும் வரும். அந்த இரண்டு மாதத்துக்கு மட்டும் 499 ரூபாய் ஸ்டாண்டர்டுக்கு ஏற்றுங்கள், இரண்டு திரை கிடைக்கும். நான்கு திரையுள்ள பிரீமியம் உங்கள் வீட்டுக்கு வேண்டாம்.

பத்து மாதம் 199, இரண்டு மாதம் 499 என்றால் ஆண்டுக்கு 2,988. வீட்டில் இருக்கும் நால்வருக்கும் மாதம் தலைக்கு 62 ரூபாய். தம்பி தங்கையின் 149ஐயும் சேர்த்து ஆறு பேருக்கும் பரப்பினால்கூட 91தான் வருகிறது. அவர்கள் போடும் ரீசார்ஜிலேயே நெட்ஃபிளிக்ஸ் சேர்ந்து வருகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். வந்தால் அந்த 149உம் மிச்சம்.

ஒன்றைக் கவனியுங்கள். திட்டத்தை ஏற்றினால் உடனே மாறும், இறக்கினால் அடுத்த பில் தேதியில்தான் மாறும். படகுக்கு ஐஸ் ஏற்றும் அவசரத்தில் இது மறந்துபோகும், இன்னொரு 499 போய்விடும். அதனால் ஜூன் மாத பில் வருவதற்கு முன்பே, கரையில் சும்மா இருக்கும் ஒரு நாளில் திட்டத்தை இறக்கி வையுங்கள்.