கல்யாணப் படங்களுக்குத் தொடர் கேப்ஷன் எழுதுவது எப்படி?

"கல்யாண போட்டோகிராபர் நான். போர்ட்ஃபோலியோ படங்களுக்குக் கீழே சின்னச் சின்ன வரிகளாக, வரிசையாக எழுத வேண்டும். எப்படி எழுதினால் மனதில் நிற்கும்?"

தொடர் கேப்ஷன் என்பது சடங்குகளின் வரிசையிலேயே நகரும் சின்ன வரிகள். படத்தில் தெரிவதையே வரியும் சொன்னால் கண் அதைத் தாண்டிவிடும். டிவியில் கிரிக்கெட் பார்க்கும்போது வர்ணனையாளர் "பந்து வீசுகிறார்" என்றால் எரிச்சல் வருமே, அது மாதிரி. அதனால் கேமராவில் விழாததை எழுதுங்கள்: சத்தம், தொடு உணர்வு, யாரோ சொன்ன ஒரு வார்த்தை.

ஒரு பிராமணக் கல்யாணத்தை எடுத்துக்கொள்வோம்.

காசி யாத்திரை: குடை தயார். போகத்தான் மனசில்லை.
ஊஞ்சல்: பாட்டிக்குப் பாட்டு மறக்கவில்லை.
தாலி: கெட்டிமேளம்!
அம்மி: கல் சில்லென்று இருந்தது.
அருந்ததி: பட்டப்பகல். "தெரியுது" என்றாள்.

தாலிக்கு ஒரே சொல்தான். அபசகுனமான சத்தம் எதுவும் காதில் விழக் கூடாதென்று அந்த நொடியில் மேளத்தை உச்சத்தில் அடிப்பார்கள். அந்தச் சொல்லைப் படித்ததுமே நம் ஊர் ஆட்களுக்கு அது கேட்டுவிடும். அப்புறம் வேறென்ன வேண்டும்?

எழுதியதும் அந்த வரியை வேறொரு படத்துக்குக் கீழே வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அடித்துவிடலாம். "இரு மனங்கள் இணையும் தருணம்" எந்தப் படத்துக்கும் பொருந்தும், பந்திப் படத்துக்குக்கூட.

கேப்ஷன் என்றால் கவிதையாக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். மேலே உள்ள வரிகளில் ஓர் உவமைகூட இல்லை.