பாணுக்கு ஈஸ்ட் ஊறவைக்கத் தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்க வேண்டும்? நான் பாதிக்குப் பாதி சுடுதண்ணீர் கலந்தேன், மா கொஞ்சம்கூடப் பொங்கவில்லை.

அந்தப் பாதிக்குப் பாதிதான் காரணம். கல்லடியில் என் மச்சாள் பணிஸ் செய்யும்போதும் இதே கணக்கில்தான் கலந்தா. கேத்திலில் கொதித்த தண்ணீர் 100 பாகை. மட்டக்களப்பு வெயிலில் நம்முடைய பைப் தண்ணீரே கிட்டத்தட்ட 29 பாகை. சம அளவில் சேர்த்தால் 64 பாகைக்கு மேல் வரும். 55, 60 பாகையைத் தொட்டாலே நனைந்த ஈஸ்ட் செத்துவிடும்.

ஈஸ்ட் என்பது உயிருள்ள ஒரு செல் பூஞ்சை. அதன் உள்ளே இருக்கும் நொதியங்கள் எல்லாம் புரதம். முட்டை வெள்ளைக்கரு சூட்டில் வெந்து கட்டியாவது போல அந்தப் புரதங்களும் உருக்குலைந்து போகும், அப்புறம் ஆறவைத்தாலும் பழைய நிலைக்கு வராது. சீனியைத் தின்று காற்றை விட ஆளே இல்லாதபோது மா எப்படிப் பொங்கும்? மச்சாளின் மா இரண்டு மணித்தியாலம் கழித்தும் வைத்தபடியே கிடந்தது, தொட்டால் கையில் பிசுபிசுத்தது. செத்த செல்களிலிருந்து கசியும் ஒரு பொருள் மாவின் இழுவையையும் கெடுத்துவிடும்.

உலர் ஈஸ்ட் மணிகளுக்கு 38 முதல் 43 பாகை போதும். தெர்மாமீற்றர் தேவையில்லை. ஒரு கிளாஸ், அதாவது 200 மில்லிலீற்றர் பைப் தண்ணீரில், கொதித்த தண்ணீர் மூன்று மேசைக்கரண்டி விட்டுக் கலக்குங்கள். ஏறக்குறைய 40 பாகை வந்துவிடும். முதலில் தண்ணீரைக் கலந்துவிட்டுத்தான் ஈஸ்டைப் போட வேண்டும். ஈஸ்டின் மேல் கொதிதண்ணீரை ஊற்றிவிட்டுப் பிறகு பச்சைத்தண்ணீர் சேர்த்தால், முதல் நொடியிலேயே அது வெந்துவிடும். விரலை விட்டுப் பார்த்தால், பிள்ளையைக் குளிப்பாட்டும் தண்ணீரைவிடச் சற்றே கூடுதலான சூடு இருக்கும். விரலை எடுக்க மனம் வந்தால் அது அதிகச் சூடு.

ஒரு தேக்கரண்டி சீனியும் போட்டுப் பத்து நிமிடம் வையுங்கள். மேலே கபில நிற நுரை தொப்பி மாதிரி எழும்பி, பாண் கடை வாசனை வரும். நுரையே வராமல் அடியில் சேறு போலப் படிந்திருந்தால் அந்தத் தண்ணீரை மாவில் ஊற்றாதீர்கள். அதே பைக்கற்றில் இன்னொரு கரண்டியைச் சரியான சூட்டில் போட்டுப் பாருங்கள். அது நுரைத்தால் பிழை தண்ணீரில், அதுவும் நுரைக்காவிட்டால் ஈஸ்ட் பழையது.

இன்ஸ்டன்ட் ஈஸ்ட் என்று போட்டிருந்தால் இந்த வேலையே வேண்டாம். கோதுமை மாவுடன் உலர்ந்தபடியே கலந்து, பைப் தண்ணீரிலேயே பிசையலாம். நம்முடைய காலநிலைக்கு அந்தச் சூடே போதும்.

நீங்கள் பிசைந்த மாவை எறிய வேண்டாம். இரண்டு மேசைக்கரண்டி இளஞ்சூட்டுத் தண்ணீரில் புது ஈஸ்டை நுரைக்கவைத்து, கொஞ்சம் மாவும் தூவிச் சேர்த்துப் பிசையுங்கள். மச்சாளின் பணிஸ் அப்படித்தான் அன்று பின்னேரத் தேத்தண்ணிக்கு வந்து சேர்ந்தது.