சறுக்குமா, கவிழுமா: சாய்தளத்துக் கல் பற்றிய கேள்வி பதில்

மேலூர், டிப்ளமோ மாணவர்: ஐயா, சாய்தளத்தில் நிற்கும் கல்லைக் கிடைமட்டக் கயிற்றால் மேட்டுப்பக்கம் இழுத்தால் முதலில் சறுக்குமா, கவிழுமா?

இரண்டுக்கும் தேவையான இழுவிசையைத் தனித்தனியே கணக்கிடுங்கள். எதற்குக் குறைவாகத் தேவைப்படுகிறதோ அதுவே முந்தும். உங்கள் ஊர்ப்பக்கத்துக் கிரானைட் கல்லையே எடுத்துக்கொள்வோம். எடை 13 கிலோ நியூட்டன், அதாவது ஏறத்தாழ 1.3 டன். சரிவு வாக்கில் அதன் அடி 0.8 மீட்டர், உயரம் 1.6 மீட்டர். கிடைமட்டமாக 12 மீட்டர் போனால் 5 மீட்டர் ஏறும் சரிவு. உராய்வுக் குணகம் 0.5. கயிறு மேட்டுப்பக்க முகத்தின் உச்சியில் கட்டப்பட்டிருக்கிறது.

எடையைப் பிரித்தால் சரிவின் வழியே கீழ்நோக்கி 5, தளத்திற்குச் செங்குத்தாக 12 கிலோ நியூட்டன் கிடைக்கும். இழுவிசை P-யில் 12/13 பங்கு கல்லை மேலே இழுக்கிறது. மீதி 5/13 பங்கு வீணாகவில்லை, அது கல்லைத் தளத்தோடு அழுத்தி உராய்வைக் கூட்டுகிறது. சறுக்கும் தறுவாயில்:

12P/13 − 5 = 0.5 (12 + 5P/13)

இதிலிருந்து P = 15.05 கிலோ நியூட்டன் வரும்.

கவிழ்வதற்கு மேட்டுப்பக்க அடிவிளிம்பைப் பற்றித் திருப்புத்திறன் எடுக்க வேண்டும். மேட்டுப்பக்கம் கவிழ்வதை எடையின் இரு கூறுகளுமே எதிர்க்கின்றன: 12 × 0.4 + 5 × 0.8 = 8.8 கிலோ நியூட்டன் மீட்டர். அந்த விளிம்பிலிருந்து கயிற்றின் கோடு 1.6 × 12/13 = 1.477 மீட்டர் உயரத்தில் செல்கிறது. ஆகவே 8.8 / 1.477 = 5.96 கிலோ நியூட்டன் போதும். சறுக்கத் தேவையானதில் பாதியை எட்டும் முன்பே கல் கவிழ்ந்துவிடும். கல்லைச் சறுக்கித்தான் ஏற்ற வேண்டுமென்றால், அதே முகத்தில் அடியிலிருந்து 0.63 மீட்டருக்குக் கீழே கயிற்றைக் கட்ட வேண்டும்.

திருப்பரங்குன்றம், பொறியியல் முதலாண்டு: கவிழும் கணக்கில் உராய்வை 0.5 × N என்று போட்டேன். விடை பொருந்தவில்லை, ஏன்?

கவிழும் தறுவாயில் உராய்வு தன் உச்ச அளவில் இருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மேலே உள்ள கல் கவிழத் தொடங்கும்போது கயிறு சரிவின் வழியே 5.5 இழுக்கிறது, எடை 5 எதிர்க்கிறது; ஆகவே உராய்வு தர வேண்டியது வெறும் 0.5 கிலோ நியூட்டன். தளத்தால் அப்போது தரக்கூடியதோ 7.15. நீங்கள் 7.15-ஐ எழுதிவிட்டு சமநிலைச் சமன்பாட்டையும் எழுதினால் இரண்டும் மோதத்தான் செய்யும். உச்ச உராய்வைச் சறுக்கும் கணக்கில் மட்டுமே எழுதுங்கள்.

உசிலம்பட்டி வாசகர்: விசையை அதன் கோட்டின் வழியே நகர்த்தலாம் என்பது விதி. அப்படியானால் மேட்டுமுகத்து உச்சியில் இழுத்தாலும் பள்ளமுகத்து உச்சியில் தள்ளினாலும் ஒரே விடைதானே?

நீங்கள் சொல்லும் விதி சரி. அதை இங்கே பொருத்திய விதம் சரியில்லை. விசை கிடைமட்டம், கல்லின் உச்சித்தளமோ சரிவுக்கு இணையாகச் சாய்ந்திருக்கிறது. ஆகவே அந்த இரு உச்சிகளும் ஒரே கிடைமட்டக் கோட்டில் இல்லை. பள்ளப்பக்க உச்சி 31 சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. அங்கே தள்ளினால் விளிம்பிலிருந்து கோட்டின் உயரம் 1.169 மீட்டராகக் குறையும், கவிழ்க்க 7.53 கிலோ நியூட்டன் வேண்டும்.

அதே வாசகர், மீண்டும்: எங்கள் வழிகாட்டி நூலில் விசை படத்தின் எந்தப் பக்கத்திலும் வரையப்படலாம் என்றே இருக்கிறது.

அந்தப் படம் சமதளத்துக்கானதாக இருந்தால் அந்தக் கூற்றில் பிழையில்லை, ஏனெனில் அங்கே இரு உச்சிகளும் ஒரே மட்டத்தில் இருக்கும். சரிவில் அது செல்லாது. ஒரு தாளில் கல்லை அளவுப்படி வரைந்து, இரு உச்சிகளிலிருந்தும் அளவுகோலால் கிடைக்கோடு இழுத்துப் பாருங்கள். இரண்டு கோடுகள் கிடைக்கும்.

திருமங்கலம், கிரேன் வேலை பார்ப்பவர்: கணக்கு இருக்கட்டும் ஐயா. கிடைமட்டமாக மேட்டுப்பக்கம் இழுத்தால் கயிறு சரிவிலேயே முட்டாதா?

முட்டும். இந்த உயரத்தில் கட்டிய கயிறு, விளிம்பிலிருந்து கிடைமட்டமாக ஏறத்தாழ 3.5 மீட்டரில் சரிவைத் தொட்டுவிடும். சாய்தளம் அதற்குள் முடிந்து, வின்ச் அதே மட்டத்தில் நின்றால்தான் இந்தக் கணக்கு களத்தில் பொருந்தும். கயிற்றைச் சரிவுக்கு இணையாக மாற்றினால் கல்லை அழுத்தும் கூறு மறைந்துவிடும், முழுக் கணக்கையும் புதிதாகப் போட வேண்டும்.

பள்ளி ஆசிரியை, மதுரை: அதே கயிற்றைப் பள்ளப்பக்கம் இழுத்தால்?

இதைத்தான் எல்லோரும் கேட்டிருக்க வேண்டும், அம்மா; உண்மையான ஆபத்து இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. இப்போது எடையின் சரிவுவழிக் கூறு கவிழ்வதற்குத் துணை போகிறது. பள்ளப்பக்க விளிம்பைப் பற்றி எடுத்தால் எஞ்சும் எதிர்ப்பு 12 × 0.4 − 5 × 0.8 = 0.8 மட்டுமே. பள்ளமுகத்து உச்சியில் கட்டினால் 0.54 கிலோ நியூட்டனில் கவிழ்ந்துவிடும். மேட்டுப்பக்கம் தேவைப்பட்டதில் பதினொன்றில் ஒரு பங்குதான் அது. இரண்டு ஆட்கள் சேர்ந்து இழுத்தாலே 1.3 டன் கல் அவர்கள் மீது சாய்ந்துவிடும். சறுக்குவதற்கு 0.90 தேவை, காரணம் இந்தத் திசையில் கயிறு கல்லைத் தளத்திலிருந்து சற்றே தூக்குகிறது, அழுத்துவதில்லை. பள்ளப்பக்கம் யாரும் நிற்கக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இந்த எண்தான் காரணம்.

சோழவந்தான்: கவிழும்போது உராய்வு = 0.5 × N தானே?

இல்லை. திருப்பரங்குன்றம் மாணவருக்கு எழுதிய பதிலைப் பாருங்கள்.

பெயர் இடாதவர்: சித்திரைத் தேரை மாசி வீதிகளில் இழுப்பதும் இதே கணக்குதானா?

இல்லை, அது சக்கரத்தில் உருளுகிறது. உருள்தல் பற்றித் தனியே கேளுங்கள்.

வாடிப்பட்டி, மாணவர்: உராய்வுக் குணகம் மாறினால் கவிழும் விசையும் மாறும், அப்படித்தானே?

மாறாது. கவிழும் சமன்பாட்டில் உராய்வுக் குணகமே இல்லை, ஏனெனில் உராய்வு விளிம்பின் வழியாகவே செல்கிறது. குணகம் முடிவு செய்வது, சறுக்கல் அதற்கு முந்துமா என்பதை மட்டுமே. இதே வினாவை இனி அனுப்ப வேண்டாம்.

கல் உடைப்பவர், கீழவளவு: வெட்டிய கல்லின் அடிவிளிம்பு எப்போதும் பொடிந்தேதான் இருக்கும். அப்போது இந்த எண்கள் நிற்குமா?

நிற்காது. பள்ளப்பக்க விளிம்பு 5 சென்டிமீட்டர் பொடிந்திருந்தால் கல் சுழலும் கோடு அவ்வளவு உள்ளே நகரும். எதிர்ப்பு 12 × 0.35 − 4 = 0.2 ஆகச் சுருங்கும். முன்பு 0.54 கிலோ நியூட்டனில் கவிழ்ந்த கல், இப்போது ஏறத்தாழ 0.14-இல், அதாவது 14 கிலோ எடைக்கு ஈடான இழுப்பிலேயே கவிழும். மேட்டுப்பக்கமாக இழுக்கும்போது அதே அளவு பொடிந்தால் 8.8 என்பது 8.2 ஆகும், அவ்வளவுதான். சுமை ஏறும்போது விளிம்பு மேலும் எவ்வளவு பொடியும் என்பதைத் தாளில் கணித்துவிட முடியாது. அதைக் கல்லைப் பார்த்தவர்தான் சொல்ல முடியும். எத்தகைய கல்லில் எவ்வளவு பொடிகிறது என்று உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்.