ஏஐ வீடியோவில் விரல்கள் துடிப்பதும் முகம் ஆள் மாறிப்போவதும் ஏன்? சமாளிக்க வழி உண்டா?

வழி உண்டு. ஆனால் கைக்கும் முகத்துக்கும் காரணம் வேறு வேறு என்பதால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

முதலில் கை. இந்த மாடல்கள் பிக்சல்களில் நேரடியாக வரைவதில்லை. வீடியோவை நன்றாகச் சுருக்கி, அந்தச் சுருக்கத்துக்குள்தான் வேலை செய்கின்றன. அலிபாபாவின் Wan 2.1 வீடியோ மாடலை எடுத்துக்கொண்டால், 8×8 பிக்சல் சதுரம் ஒன்று ஒரே கட்டமாகிவிடும். நேரத்திலும் அதே கதைதான்: அடுத்தடுத்த 4 ஃபிரேம்கள் ஓர் அடுக்காகச் சுருங்கும். 1280×720 வீடியோ அதன் உள்ளே வெறும் 160×90 கட்டங்கள். ஆள் முழுதாகத் தெரியும் ஷாட்டில் ஒரு விரல் 8 பிக்சல் அகலம் இருந்தால், அதற்குக் கிடைப்பது ஒரே ஒரு கட்டம். நொடிக்கு 16 ஃபிரேம் என்றால் ஓர் அடுக்கு கால் நொடி. அதற்குள் விரல் மடங்கி நிமிர்ந்தால் அந்த அசைவு முழுவதும் அந்த ஓர் அடுக்கிலேயே அடங்க வேண்டும். திரும்ப விரிக்கும்போது விரல் எங்கே இருந்தது என்பதை மாடல் ஊகிக்கிறது. ஒவ்வோர் அடுக்கிலும் ஊகம் கொஞ்சம் மாறுவதைத்தான் நாம் துடிப்பாகப் பார்க்கிறோம். விரல்கள் ஒன்றையொன்று மறைப்பதும், அசையும் கை அசல் வீடியோக்களிலேயே மங்கலாக இருப்பதும் இதை இன்னும் மோசமாக்குகின்றன.

முகம் மாறுவது பெரும்பாலும் மறதியால். இன்னார் என்று ஓர் ஆளை மாடல் எங்கேயும் எழுதி வைத்துக்கொள்வதில்லை. முகம் தொடர்ந்து தெரியும்வரை பக்கத்து ஃபிரேம்கள் அதைப் பிடித்து வைக்கும். ஆள் முதுகு காட்டிவிட்டுத் திரும்பினால் பிடி தளர்ந்து, அவருக்கு அக்காவோ தங்கையோ மாதிரி ஒருவர் வந்து நிற்பார். கடைசி ஃபிரேமை எடுத்து அடுத்த கிளிப்பை நீட்டும்போது இது கூடும். அந்த ஃபிரேமில் பக்கவாட்டு முகம்தான் இருந்தது என்றால், மறுபாதி மாடலின் கற்பனை. சந்தேகம் வந்தால் ffmpeg என்ற இலவச நிரலை வைத்து நொடிக்கு இரண்டு படம் பிரித்தெடுத்து அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள்:

```
ffmpeg -i clip.mp4 -vf fps=2 f_%03d.png
```

கண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். புருவத்தின் தடிமன், நெற்றியில் முடி தொடங்கும் கோடு, காது மடல் ஆகியவற்றைப் பாருங்கள். நழுவல் பெரும்பாலும் அங்கேதான் முதலில் தெரியும்.

சரி, ஒரு காட்சி. ஒரு பெண் மேசையிலிருந்து கோப்பையை எடுத்து, ஜன்னலுக்கு நடந்து, திரும்பிப் பார்த்து ஒரு வாய் குடிக்கிறாள். ஒரே பிராம்ப்ட்டில் கேட்டால், கோப்பையைப் பிடிக்கும் நொடியில் விரல் உருகும். திரும்பும்போது முகம் மாறும். நான் இதை மூன்று ஷாட்டாக உடைப்பேன்.

முதல் ஷாட் கையின் குளோசப். கை கோப்பையை ஏற்கெனவே பிடித்திருக்கும் நிழற்படத்தைத் தொடக்க ஃபிரேமாகக் கொடுத்து, மெல்லத் தூக்குவதை மட்டும் கேட்பேன். பிடிக்கும் தருணமே காட்சியில் இல்லை. இப்போது ஒரு விரலுக்கே நூறு பிக்சல் வரை கிடைக்கும். அந்தப் படத்தை அசைப்பதற்கு முன் பெரிதாக்கி விரல்களை எண்ணிவிடுங்கள். அதில் இருக்கும் பிழை கிளிப் முழுக்கத் தொடரும். இரண்டாவது, பின்னாலிருந்து நடப்பது. முகமே தெரியாததால் மாற ஒன்றுமில்லை. மூன்றாவது, ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தின் குளோசப், கோப்பை உதட்டருகே. இதன் தொடக்கப் படத்தை முந்தைய கிளிப்பின் கடைசி ஃபிரேமிலிருந்து எடுக்காமல், அந்தப் பெண்ணின் மூல நிழற்படத்தை வைத்தே உருவாக்க வேண்டும். முகம் நிலைப்பதற்கு இதுதான் மிக முக்கியம். ஒவ்வொன்றையும் ஐந்து நொடி உருவாக்கி, நன்றாக இருக்கும் இரண்டு மூன்று நொடியை மட்டும் வெட்டி ஒட்டினால் போதும்.

மாடல் எந்தச் சீரற்ற புள்ளியிலிருந்து தொடங்க வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் சீட் எண்ணை மாற்றாமல் கொடுத்தால் அதே முகம் வரும் என்று பலர் நம்புகிறார்கள். பிராம்ப்ட் மாறினால் வராது. பல கிளிப்களில் ஒரே ஆள் தேவை என்றால், அவருடைய படங்களை வைத்து லோரா எனும் சிறிய கூடுதல் பயிற்சியை மாடலுக்குக் கொடுப்பதுதான் உறுதியான வழி. அப்புறம், முகத்தைத் தெளிவாக்கும் கருவிகளை ஃபிரேம் ஃபிரேமாக ஓட்டாதீர்கள். ஒவ்வொரு ஃபிரேமையும் தனிப்படமாகத் திருத்துவதால், இல்லாத துடிப்பையும் கொண்டுவந்துவிடும்.

இவ்வளவு செய்தும் சரிவராதவை உண்டு: ஷூ லேஸ் கட்டுவது, பின்னல் போடுவது, இரண்டு கை விரல்களும் கோத்துக்கொள்வது. இவற்றுக்கு உங்கள் கையையே மொபைலில் படம்பிடித்து இடையில் சேர்த்துவிடுங்கள். மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப உருவாக்குவதைவிட அது சீக்கிரம் முடியும்.