ஒல்லியாக இருப்பதற்கு ஊசி போடலாமா?

"வயது 21, எடை 52 கிலோ. நான்கு மாதமாக ஜிம் போயும் உடம்பு ஏறவில்லை. மாஸ்டர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடச் சொல்கிறார். போடலாமா அண்ணா?"

வேண்டாம் தம்பி. அந்த ஹார்மோன் வெளியிலிருந்து வந்ததும், விரைகளைச் சுரக்கச் சொல்லும் சமிக்ஞையை மூளை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும். ஊசியை விட்டாலும் பழைய நிலை திரும்ப மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு வருடத்துக்கு மேலும். அந்த இடைவெளியில் வரும் மனச்சோர்வுதான் பலரை மறுபடி ஊசிக்கே தள்ளுகிறது. செல்லூரில் என் சித்தி மகன் அப்படித்தான் மாட்டினான். ஏறிய உடம்பு கரைந்ததும் வெளியே வரவே கூசினான், பாவம்.

அப்புறம் அவன் சாப்பிடுவதை ஒரு வாரம் எழுதிப் பார்த்தோம். காலையில் டீயும் வடையும்தான். நாளுக்கு 40 கிராம் புரதம்கூடத் தேறவில்லை. உன் எடைக்குச் சுமார் 80 கிராம் வேண்டும். காலையில் நான்கு முட்டை சாப்பிட்டால் அதிலேயே 24 கிராம் வந்துவிடும். சோற்றையும் குறைக்காதே. மாதம் ஒரு கிலோ ஏறினால் நல்ல வேகம்.

நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கினால் பெரியாஸ்பத்திரியில் சர்க்கரை, தைராய்டு, காசநோய் மூன்றையும் பார்த்துவிடு. ஏற்கெனவே ஊசி போட்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காதே.