கூன் முதுகுக்கு பெல்ட் போட்டால் நிமிருமா?

"டாக்டருங்க, பையனுக்கு 14 வயசு. ஒரு வருசமா முதுகு கூனிக்கிட்டே வருதுங்க. போன் பார்க்கிறதாலதான்னு எல்லாரும் திட்டுறாங்க. எக்ஸ்ரேயில ஒண்ணுமில்லைன்னு எழுதிட்டாங்க. தெரிஞ்சவர் ஒருத்தர் 2,800 ரூபாய்க்கு பெல்ட் வாங்கிக் கொடுத்தார். போட்டா நிமிருமுங்களா?"
– ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

அந்த பெல்ட்டால் நிமிராதுங்க. பையனைச் சட்டையில்லாமல் முன்னால் குனியச் சொல்லிப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முதுகு சீராக வளைந்து, குப்புறப் படுத்து மார்பைத் தூக்கும்போது கூன் மறைந்தால், அது பெரும்பாலும் பழக்கத்தில் வந்தது. முதுகுக்கும் தொடையின் பின்தசைக்கும் பயிற்சி போதும். நடு முதுகில் ஓரிடத்தில் மேடு துருத்தி, நிமிர்த்தினாலும் போகாவிட்டால் ஷ்யூயர்மன் நோயாக இருக்கலாம். இதில் வளரும் வயதில் முள்ளெலும்புகளின் முன்பக்கம் பின்பக்கத்துக்கு ஈடாக வளராமல் ஆப்பு மாதிரி ஆகிவிடும்.

இதை நீங்கள் எடுத்த எக்ஸ்ரே காட்டியிருக்குமா? படுக்க வைத்து நேராக ஒரு படம் எடுத்து, 'நார்மல்' என்று ஒற்றை வரி எழுதிக் கொடுப்பதே பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. கோணத்தை அளக்க யாருக்கும் நேரமில்லை! நின்றபடி, பக்கவாட்டில், முதுகெலும்பு முழுவதும் தெரிகிற படம் வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். அடுத்தடுத்த மூன்று எலும்புகளாவது ஒவ்வொன்றும் 5 டிகிரிக்குக் குறையாமல் ஆப்பாகியிருந்தால் இந்த நோய்தான். எலும்புகளின் மேல், கீழ் விளிம்புகளும் நெளிநெளியாகத் தெரியும். முதுகெலும்பின் நெஞ்சுப் பகுதியில் வளைவு சுமார் 20 முதல் 45 டிகிரி வரை எல்லோருக்கும் உண்டு.

ஒரே ஒரு எலும்பு மட்டும் ஆப்பாகி, மேடு கூர்மையாக இருந்தால் கதையே வேறு. அதோடு சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று உடனே பார்க்க வேண்டும். கால் மரத்தாலும், பலம் குறைந்தாலும் அப்படித்தான். காய்ச்சல் இல்லை என்பதற்காகவும் விட்டுவிடாதீர்கள்; சில பிள்ளைகளுக்கு அது வெளியே தெரியாது. இங்கே பயிற்சி, பெல்ட் என்று நாள் கடத்தவே கூடாது.

சரி, கடை பெல்ட் இல்லாமல் டாக்டர் போடச் சொல்கிற பிரேஸ் எப்போது? உதாரணத்துக்கு, மூன்று எலும்புகள் 6, 8, 7 டிகிரி ஆப்பாகி, மொத்த வளைவு 62 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இடுப்பு எலும்பின் மேல்விளிம்பைப் படத்தில் பார்த்தால் வளர்ச்சி மிச்சமிருப்பது தெரிகிறது. அப்படிப்பட்ட பையனுக்கு பிரேஸ் பலன் தரும். பொதுவாக 50-க்கு மேல் 75 வரையுள்ள வளைவுக்கு, அதுவும் இன்னும் ஒரு வருஷமாவது வளர்ச்சி இருந்தால்தான். வளர்ந்து முடித்தவனுக்குப் போட்டும் பயனில்லை.

பிரேஸ் என்பது உடம்புக்கு அளவெடுத்துச் செய்கிற கெட்டியான சாதனம். ஒரு நாளில் 16 மணி நேரத்துக்கு மேல், ஒரு வருஷத்துக்கும் அதிகமாகப் போட வேண்டும். உங்களிடம் இருப்பதோ ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று தொங்குகிற துணிப் பட்டை. தோளைப் பின்னால் இழுக்கும், எலும்பைத் தொடாது. 'தெரிஞ்சவர்' சிலருக்குக் கடையில் கமிஷன் இருக்கலாம். பில் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் நான் சொன்ன படத்தை எடுத்து, எலும்பு டாக்டரிடம் டிகிரியை எழுதி வாங்குங்கள்.